ஜூனியரிடம் 2பி ஒப்பிடும் வேலையைக் கொடுத்தேன், 19ஆம் தேதி இரவு நானே உட்கார்ந்தேன்

ஒண்டிப்புதூர்க்காரி | ஆகஸ்ட் 20, பிற்பகல் 3.10

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், பி.காம். முடித்துவிட்டு ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த ஒரு தம்பி, அரைநாள் மட்டும் வரும் ஒரு பெரியவர், அவ்வளவுதான். கொள்முதல் பதிவேட்டை, சப்ளையர்கள் நம் பெயரில் ஏற்றிய பில்களைக் காட்டி ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி அறிக்கையோடு ஒப்பிடும் வேலையை இதுவரை நானே செய்துவந்தேன். அதை வைத்துத்தான், கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வரி வரவை 3பி என்ற மாதத் தாக்கலில் எடுப்போம். ஜூலை மாதக் கணக்குக்கு முதல் தடவையாகத் தம்பியிடம் கொடுத்தேன்.

கொடுத்த விதத்தை மறைக்காமல் எழுதுகிறேன். "14ஆம் தேதி 2பி வந்துவிடும். டேலியிலிருந்து பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டு வை. 20ஆம் தேதி 3பி போட வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்" என்றேன். "சரி மேடம்" என்றான். 16ஆம் தேதி "எப்படிப் போகிறது?" என்று கேட்டேன். "போய்க்கொண்டிருக்கிறது மேடம்." 18ஆம் தேதி மறுபடி கேட்டேன். "முடியப்போகிறது மேடம்." நேற்று மாலை ஐந்தரைக்குக் கோப்பு வந்தது.

பார்க்க அழகாக இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் அடித்திருந்தான். எங்கள் பதிவேட்டில் இருந்து 2பியில் இல்லாதவை 94 பில்கள், வரி 4,06,200 ரூபாய். 2பியில் இருந்து எங்கள் பதிவேட்டில் இல்லாதவை 71 பில்கள், வரி 3,60,000. அடியில் "நிகர வித்தியாசம் 46,200, இரண்டு பக்க மொத்தத்தோடும் ஒத்துப்போகிறது" என்று பெருமையாக எழுதியிருந்தான். ஒத்துத்தான் போனது.

எனக்குச் சந்தேகம் வந்தது 94 என்ற எண்ணைப் பார்த்துத்தான். வழக்கமாக முப்பது, நாற்பதுக்கு மேல் போகாது. திறந்து பார்த்தால் நாம் "457" என்று ஏற்றிய பில்லைச் சப்ளையர் "0457" என்று ஏற்றியிருக்கிறார். இன்னொருவர் "PC/118" என்று போட்டதை நாம் "118" என்று போட்டிருக்கிறோம். ஒரே பில் இரண்டு சிவப்பு வரிகளாக, இந்தப் பட்டியலில் ஒன்றும் அந்தப் பட்டியலில் ஒன்றுமாக உட்கார்ந்திருந்தது. அப்படி 58 ஜோடி. இரவு ஒன்றரை மணி வரை பிரித்தெடுத்தேன். அவன் பட்டியலை நம்பி 3பி போட்டிருந்தால் 2,74,800 ரூபாய் வரி வரவை எடுக்காமல் அந்த அளவுக்குக் கையிலிருந்து பணம் கட்டியிருப்போம்.

தம்பி சோம்பேறி இல்லை. ஐந்து நாள் உழைத்திருக்கிறான். வேலையை நான் கொடுத்த விதத்தில் எங்கே பிசகியது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செந்தூரன்77 | ஆகஸ்ட் 20, மாலை 5.42

இவ்வளவு பதற்றம் தேவையா? 2பியில் வராவிட்டாலும் ஐந்து சதவீதம் வரை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாமே. மீதியை அடுத்த மாதம் எடுத்தால் போயிற்று. வேலையைப் பொறுத்தவரை, தினமும் மாலை ஐந்து மணிக்கு அவன் திரையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் நாளே தெரிந்திருக்கும்.

நாற்பதாண்டுப் பேரேடு | ஆகஸ்ட் 20, இரவு 8.15

ஐந்து சதவீதச் சலுகை 2022 ஜனவரியோடு போய்விட்டது தம்பி. இப்போது 2பியில் இல்லாததை எடுக்க வழியில்லை. எடுத்துப் பயன்படுத்திவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். விடுபட்டதை அடுத்தடுத்த மாதங்களில் எடுக்கலாம் என்பது சரி. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அவகாசம் உண்டு. ஆனால் இந்த மாதம் இரண்டே முக்கால் லட்சம் கையிலிருந்து போனால் அடுத்த வாரச் சம்பளத்துக்கு முதலாளி எங்கே போவார்?

இனி அம்மணியின் கேள்விக்கு வருகிறேன். தணிக்கை அலுவலகத்தில் பையன்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தே என் காலம் ஓடிவிட்டது. நானும் இதே குழியில் பலமுறை விழுந்தவன்தான்.

நீங்கள் "ஒப்பிட்டு வை" என்றீர்கள். அவன் ஒப்பிட்டு வைத்தான். நீங்கள் கேட்டது ஒரு செயலை. உங்களுக்குத் தேவைப்பட்டதோ ஒரு தொகை. 3பியில் நாலாவது அட்டவணையில் இந்த மாதம் எவ்வளவு எழுதுவது என்ற ஒற்றை எண்ணும், அந்த எண்ணுக்குள் வராத ஒவ்வொரு பில்லுக்கும் ஏன் வரவில்லை, அதற்கு யார் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பும்தான் உங்களுக்கு வேண்டியவை. அதைச் சொல்லியிருந்தால் 94 வரிகளுக்கும் காரணம் எழுத உட்கார்ந்திருப்பான். மூன்றாவது வரியிலேயே "457, 0457, இரண்டும் ஒன்றுதானே" என்று கண்ணில் பட்டிருக்கும். வண்ணம் அடிப்பவனுக்கு அது படாது.

அந்த 46,200 ஒத்துப்போனதை எடுத்துக்கொள்ளுங்கள். 58 ஜோடியைச் சேர்த்தாலும் பிரித்தாலும் நிகர வித்தியாசம் மாறவே மாறாது. இரண்டு பக்கமும் ஒரே தொகைதானே கூடுகிறது. அதனால் மொத்தம் ஒத்துப்போவது இந்த வேலை சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. பையனுக்கு அதைத் தவிர வேறு அளவுகோல் கொடுக்கப்படவில்லை. கிடைத்த ஒன்றை வைத்துத் தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டான். வேலையைக் கொடுக்கும்போதே "உன் வேலை சரியா என்று இதை வைத்துப் பார்த்துக்கொள்" என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும். இங்கே அது பொருந்தாத பில்களின் எண்ணிக்கை. போன மாதம் 35 இருந்தது, இந்த மாதம் 94 என்றால் நிறுத்திவிட்டு வந்து கேள் என்று சொல்லியிருக்கலாம்.

பவானி ஜவுளி | ஆகஸ்ட் 20, இரவு 9.30

இதே பிரச்சினைதான் எனக்கும். என் கடைக்கு 2பியில் ஒரு சப்ளையரின் பில் மூன்று மாதமாக வரவில்லை. கேட்டால் போட்டுவிட்டேன் என்கிறார். அவருக்குப் பணத்தை நிறுத்தலாமா?

நாற்பதாண்டுப் பேரேடு | ஆகஸ்ட் 20, இரவு 9.51

ஐயா, அது வேறு இழை. ஆனால் ஒன்று பாருங்கள். அவர் உங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் வேறொருவரின் எண்ணைப் போட்டு அந்தக் கணக்கில் ஏற்றியிருக்கலாம். "போட்டுவிட்டேன்" என்று அடித்துச் சொல்பவர்கள் பலரும் உண்மையிலேயே போட்டவர்கள்தான். அவர் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அந்த ஒரு பில்லின் பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசி மேஜை | ஆகஸ்ட் 20, இரவு 11.20

நான் அந்தத் தம்பியின் இடத்தில் இருப்பவன். ஒரு தணிக்கை அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

"எப்படிப் போகிறது?" என்று மேலே இருப்பவர் நடந்துகொண்டே கேட்டால் "போய்க்கொண்டிருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. "எனக்கு ஒரு சந்தேகம்" என்று தொடங்குவதற்குள் அவர் அடுத்த மேஜைக்குப் போயிருப்பார். போன வருடம் இதே வேலையை எனக்குக் கொடுத்தார்கள். தளத்தின் கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. கேட்டேன், "தருகிறேன்" என்றார்கள். இரண்டு நாள் காத்திருந்து, பொதுக் கோப்புறையில் கிடந்த 2பியை எடுத்து ஒப்பிட்டேன். அது முந்தைய மாதத்தின் 2பி. யாரும் திட்டவில்லை, சிரித்தார்கள். அது அதைவிட மோசம்.

அக்கா, உங்கள் தம்பிக்கு அந்த ஐந்து நாளில் வேறு என்ன வேலைகள் இருந்தன? எதை ஒத்திவைக்கலாம் என்று சொன்னீர்களா? எனக்கு எப்போதும் நான்கு பேர் வேலை கொடுப்பார்கள். நான்கும் அவசரம்.

செந்தூரன்77 | ஆகஸ்ட் 21, காலை 7.05

ஐந்து சதவீத விஷயத்தில் நான் பழைய ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் பார்க்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. புதிதாக வந்தவனிடம் முறையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்காமல் "எனக்கு இந்த எண் வேண்டும்" என்றால் மட்டும் எப்படி வரும்? பில் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதே, ஜிஎஸ்டி எண்ணையும் வரித் தொகையையும் சேர்த்துப் பார் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் எங்கள் இடத்தில் பயன்படுத்துவது இதுதான். A நிரலில் ஜிஎஸ்டி எண், F நிரலில் மொத்த வரி.

```
=COUNTIFS('2B'!A:A,A2,'2B'!F:F,F2)
```

1 வந்தால் அநேகமாக அதே பில். 0 வந்தால் இல்லை. 2 அல்லது அதற்கு மேல் வந்தால் கண்ணால் பார்க்க வேண்டும், ஒரே தொகையில் வாரா வாரம் பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். பைசாவை முன்பே முழு ரூபாயாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி பில்களுக்கு 0 காட்டும்.

நாற்பதாண்டுப் பேரேடு | ஆகஸ்ட் 21, காலை 10.40

சூத்திரம் நல்ல சூத்திரம். முறையைச் சொல்ல வேண்டும் என்பதிலும் செந்தூரனோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் நான் முறையை வாயால் சொல்வதில்லை. முதல் தடவை ஐந்தே ஐந்து பில்களை அவன் எதிரில் உட்கார்ந்து முடிப்பேன். ஒன்று நேராகப் பொருந்துவது, ஒன்று எண் வடிவம் மாறியது, ஒன்று சப்ளையர் இன்னும் தாக்கல் செய்யாதது, ஒன்று 2பியில் வந்துவிட்டு சரக்கு வராதது, ஒன்று கேன்டீன் சாப்பாட்டு பில் போலப் பொதுவாக வரவு எடுக்கக் கூடாதது. இருபது நிமிடம் ஆகும். அந்த ஐந்து வரிகளும் அவன் கோப்பின் தலையிலேயே இருக்கும். மீதிக்கு அவன் என்ன சூத்திரம் போட்டாலும் எனக்குக் கவலையில்லை.

தினமும் திரையைப் பார்ப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தினமும் பார்த்தால் வேலை மறுபடி உங்களுடையதாகிவிடும். பையன் ஒவ்வொரு வரிக்கும் மாலை ஐந்து மணிக்குக் காத்திருப்பான். ஒரே தடவை பாருங்கள். ஆனால் தப்பு சிறிதாக இருக்கும்போது பாருங்கள். 14ஆம் தேதி 2பி வருகிறது என்றால் 15 நண்பகல். அப்போது "எப்படிப் போகிறது" என்று கேட்கக் கூடாது. முடித்த இருபது வரிகளை அச்செடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, ஏனென்றால் பானை ஒரே சீராக வெந்திருக்காது. பெரிய சப்ளையர்களுக்குக் கணினியில் பில் வருகிறது, பெரும்பாலும் சுத்தமாகப் பொருந்தும். அதில் பதம் பார்த்தால் எல்லாம் வெந்ததுபோலத் தோன்றும். கையால் பில் எழுதும் சின்னச் சின்னக் கடைகளில்தான் கல் இருக்கும். அதனால் பெரியவர்களில் ஐந்து, சின்னவர்களில் பதினைந்து.

கடைசித் தேதியைப் பற்றியும் ஒன்று. 20ஆம் தேதி அரசாங்கம் உங்களுக்கு வைத்தது. அதை அப்படியே பையனிடம் தள்ளினால் நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் மறைந்துவிடுகிறார்கள். பின்னாலிருந்து எண்ணுங்கள். 20 அன்று தளம் மூச்சுத் திணறும், எனவே 19 அன்று தாக்கல். எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று முதலாளிக்கு 18 மதியம் தெரிய வேண்டும், வங்கியில் ஏற்பாடு செய்ய நேரம் வேண்டுமே. அப்படியானால் பட்டியல் உங்கள் மேஜைக்கு 17 மாலை நாலு மணிக்கு வர வேண்டும். பையனுக்குச் சொல்ல வேண்டிய தேதி அது ஒன்றுதான், அதற்கான காரணத்தோடு.

ஒண்டிப்புதூர்க்காரி | ஆகஸ்ட் 21, இரவு 9.05

கடைசி மேஜை எழுதியது என்னைச் சுட்டுவிட்டது. இன்று தம்பியை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டேன்.

முதலாவது, அந்த ஐந்து நாளில் இரண்டு முழுநாள் பெரியவருக்காக வங்கிக் கணக்கைச் சரிபார்த்திருக்கிறான். எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது, டேலியிலிருந்து எடுத்த பதிவேட்டில் முதலில் எங்கள் வவுச்சர் எண்தான் வந்திருக்கிறது, சப்ளையரின் பில் எண் நிரல் வரவில்லை. அதைக் கண்டுபிடித்து மறுபடி எடுக்க ஒரு நாள் போயிருக்கிறது. நான் பத்து விநாடியில் சொல்லியிருப்பேன்.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. 457, 0457 விஷயத்தை அவன் 15ஆம் தேதியே பார்த்துவிட்டான். கவனக்குறைவே இல்லை. "வரி விஷயத்தில் ஒரு பூஜ்யம் மாறினாலும் வரவு கிடைக்காது என்று நினைத்தேன் மேடம். அதனால்தான் கண்டிப்பாக இருந்தேன்" என்றான். அத்தனை சிவப்பும் அவன் தன் நேர்மைக்கு அடித்த வண்ணம்.

நாற்பதாண்டுப் பேரேடு | ஆகஸ்ட் 21, இரவு 9.48

நல்ல பையன். விட்டுவிடாதீர்கள். எதை அவனே முடிவு செய்யலாம், எதை உங்களிடம் கொண்டுவர வேண்டும் என்ற கோட்டை நீங்கள் போடவில்லை, அவனாக ஒரு கோடு போட்டுக்கொண்டான். ஜிஎஸ்டி எண்ணும் வரித் தொகையும் தேதியும் ஒன்றாக இருந்து பில் எண்ணில் முன்னால் பூஜ்யமோ எழுத்தோ மட்டும் மாறியிருந்தால் காகித பில்லைப் பார்த்துவிட்டு அவனே சேர்க்கலாம். தொகை மாறினால் உங்களிடம் வர வேண்டும். எடுக்கக் கூடாத வரவு என்று சந்தேகம் வந்தாலும் உங்களிடம் வர வேண்டும். அந்த முடிவைக் கீழே தள்ளக் கூடாது, நாளை அதிகாரி கேட்டால் பதில் சொல்லப்போவது நீங்கள்.

மதுரை நிரல் | ஆகஸ்ட் 22, காலை 8.30

பில் எண் வடிவம் மாறியதைப் பையனே சேர்த்துக்கொள்ளலாம் என்பதை நான் ஏற்கவில்லை. சப்ளையரைத் திருத்தச் சொல்ல வேண்டும். எங்கள் தணிக்கையாளர் அப்படித்தான் கேட்கிறார். இன்னொன்று, இப்போது தளத்தில் பில்களை ஏற்கவும் மறுக்கவும் நிலுவையில் வைக்கவும் வசதி வந்துவிட்டது. சரக்கு வராத பில்லை நிலுவையில் வைத்தால் அது 2பிக்குள்ளேயே வராது. அதையும் தம்பியிடம் கொடுங்கள், பாதி வேலை குறையும்.

நாற்பதாண்டுப் பேரேடு | ஆகஸ்ட் 22, காலை 11.12

58 பில்களில் ஒரு பூஜ்யத்துக்காகச் சப்ளையர்களிடம் திருத்தம் கேட்டால் அடுத்த மாதம் நம் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். உங்கள் தணிக்கையாளர் கேட்டால் செய்யுங்கள், நான் கேட்டதில்லை.

நிலுவைப் பொத்தான் விஷயத்தில் எனக்குத் தயக்கம். அது கோப்பில் போடும் குறிப்பு போன்றதல்ல, அதனால் 2பியின் தொகையே மாறும். சப்ளையர் பக்கமும் தெரியும். பையன் பட்டியல் போடட்டும், அம்மணி பார்த்துவிட்டு அழுத்தட்டும். ஆறு மாதம் போன பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

மதுரை நிரல் | ஆகஸ்ட் 22, பகல் 1.02

அப்படியே பயந்துகொண்டிருந்தால் அவன் எப்போதும் பட்டியல் போடுபவனாகவே இருப்பான். எனக்கு முதல் மாதமே பொத்தானைக் கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

ஒண்டிப்புதூர்க்காரி | செப்டம்பர் 21, காலை 10.25

ஒரு மாதம் கழித்து வருகிறேன். ஆகஸ்ட் கணக்கை மறுபடி தம்பியிடமே கொடுத்தேன். இந்த முறை செப்டம்பர் 4 அன்றே கொடுத்தேன். பதிவேட்டைச் சுத்தம் செய்யும் பாதி வேலைக்கு 2பி வரவே வேண்டியதில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஒரு தாளில் எழுதி, அவனோடு உட்கார்ந்து, பேரேடு ஐயா சொன்ன ஐந்து பில்களையும் போட்டுக் காட்டினேன். தாளில் எழுதியது இது:

"ஆகஸ்ட் மாதத்துக்கு 3பியில் எடுக்க வேண்டிய வரி வரவு எவ்வளவு என்ற ஒரு தொகை எனக்கு வேண்டும். அதில் சேராத ஒவ்வொரு பில்லுக்கும் பக்கத்தில் காரணமும் அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். காரணம் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுது, வெற்றாக விடாதே. சேராத பில்கள் நாற்பதைத் தாண்டினால் நிறுத்திவிட்டு என்னிடம் வா. செப்டம்பர் 17 மாலை நாலு மணிக்கு என் மேஜையில் இருக்க வேண்டும், 18 மதியம் முதலாளிக்குத் தொகை சொல்ல வேண்டும். 15 பகல் 12 மணிக்கு இருபது பில்களை முடித்துக் கொண்டுவா, ஐந்து பெரிய சப்ளையர், பதினைந்து சின்னவர். தளத்தின் கடவுச்சொல் இத்துடன் இருக்கிறது. ஸ்டோரின் சரக்கு வரவுப் பதிவேட்டை நீ பார்க்கலாம் என்று அங்கே சொல்லிவிட்டேன். 15 முதல் 17 வரை வங்கி வேலை உனக்கு இல்லை, பெரியவரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு பில்லுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ."

எழுதி முடித்ததும் நான் கேட்ட ஒரே கேள்வி, "நீ எனக்கு என்ன கொண்டுவரப்போகிறாய், உன் வாயால் சொல்." அவன் சொன்னதில் "2பியில் இருப்பதெல்லாம் எடுக்கலாம்" என்று ஒரு வாக்கியம் வந்தது. அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

15 அன்று பன்னிரண்டு மணிக்குத் தாளோடு வந்தான். பதினெட்டு சரி. ஒன்றில் கேன்டீன் பில்லை "எடுக்கலாம்" என்று போட்டிருந்தான். ஐந்து மாதிரி பில்களில் காட்டியிருந்தும்! பில்லில் "கேட்டரிங்" என்று இல்லை, "பணியாளர் நலச் சேவை" என்று அச்சடித்திருந்தார்கள். இன்னொன்று, 2பியில் வந்த வார்ப்படச் சப்ளையரின் பில். சரக்கு ஆகஸ்டில் வந்துவிட்டதாகப் போட்டிருந்தான். ஸ்டோரில் கேட்டால் லாரி செப்டம்பர் 2 அன்றுதான் உள்ளே வந்திருக்கிறது. பில் தேதியைச் சரக்கு வந்த தேதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். இரண்டையும் சொல்லி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. மீதியில் அந்தத் தப்பு வரவில்லை.

17 அன்று மூன்றே முக்காலுக்குப் பட்டியல் வந்தது. சேராதவை 38. அதில் ஆறு "தெரியவில்லை". அந்த ஆறையும் நான் அரைமணி நேரத்தில் முடித்தேன். அந்தச் சொல்லை எழுதத் துணிந்தானே என்று எனக்குச் சந்தோஷம். அதோடு, நான் கேட்காத ஒன்றும் இருந்தது. ஜூலையில் 2பியில் வராத 36 பில்களில் 21 பில்கள் ஒரே வகையான சின்னச் சப்ளையர்களுடையவை, காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் தாக்கல் செய்பவர்கள் என்று தனியாக எழுதியிருந்தான். இத்தனை வருடம் நான் அவர்களுக்கு மாதாமாதம் தொலைபேசியில் நினைவூட்டிக்கொண்டிருந்தேன். அவர்களும் பாவம், "சரி மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. தாக்கல் செய்யாத பெரிய சப்ளையர் ஒருவரைக் கேட்கக் கொள்முதல் பிரிவு மேலாளரிடம் தம்பியை அனுப்பினேன். "உன் மேடத்தை வந்து பேசச் சொல்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்டோரில் சொல்லி வைத்த நான் அங்கே சொல்லி வைக்கவில்லை. பிறகு சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" என்னவென்று உங்களுக்கே தெரியும்.

கடைசி மேஜை | செப்டம்பர் 21, காலை 11.50

அந்தத் தாளை அச்செடுத்து எங்கள் மேலாளர் மேஜையில் வைக்கலாமா என்று பார்க்கிறேன். என் பெயர் இல்லாமல்.

கொள்முதல் மேலாளர் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது, வாயால் சொல்வது எடுபடாது. "பணம் கொடுக்கும் முன் இந்தச் சப்ளையர் தாக்கல் செய்திருக்கிறாரா என்று கணக்குப் பிரிவின் குறிப்பு வேண்டும்" என்று முதலாளியிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் மேலாளரே தம்பியைத் தேடி வருவார்.

செந்தூரன்77 | செப்டம்பர் 21, பிற்பகல் 2.20

முதலாளி வரை போனால் பகைதான் வளரும். மேடமே ஒரு தடவை தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்து வைத்தால் போதும்.

ஒண்டிப்புதூர்க்காரி | செப்டம்பர் 21, மாலை 6.00

அதை முதலில் செய்து பார்க்கிறேன். இன்னொரு கேள்வி, பேரேடு ஐயாவுக்கு. பையன் பிடித்துக்கொண்டான். அடுத்த மாதம் 15ஆம் தேதிப் பார்வையை விட்டுவிடலாமா, நேராக 17 அன்று பட்டியலை வாங்கிக்கொள்ளலாமா?

நாற்பதாண்டுப் பேரேடு | செப்டம்பர் 21, இரவு 8.33

வேறு மாதமாக இருந்தால் விடுங்கள் என்றிருப்பேன். அக்டோபரில் விடாதீர்கள். அவன் கண்டுபிடித்த அந்தக் காலாண்டுச் சப்ளையர்கள் அக்டோபர் 13க்குள் மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் தாக்கல் செய்வார்கள். 14ஆம் தேதி 2பியில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பில்கள் ஒரே கூட்டமாக வந்து விழும். செப்டம்பர் பதிவேட்டை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஜூலை பில்கள் எல்லாம் "நம் பதிவேட்டில் இல்லை" என்று சிவப்பில் நிற்கும். உங்கள் தாளில் இருக்கும் நாற்பது என்ற எண்ணும் அந்த மாதம் உதவாது, தாண்டத்தான் செய்யும். ஜூலை, ஆகஸ்டில் எடுக்காமல் விட்ட பில்களையும் செப்டம்பர் பதிவேட்டோடு சேர்த்து ஒப்பிடச் சொல்லுங்கள். 15 பகலில் நீங்கள் பார்க்க வேண்டிய இருபதும் அந்தப் பழைய பில்களாகவே இருக்கட்டும்.

ஒண்டிப்புதூர்க்காரி | செப்டம்பர் 21, இரவு 9.10

நாற்பதை அடித்துவிட்டேன். அதற்குப் பதில் என்ன எண் போடுவது என்று நாளை அவனையே எண்ணிச் சொல்லச் சொல்கிறேன். பழைய பில் பட்டியல் அவனிடம்தான் இருக்கிறது.